முட்டை அட்டையில ஏழெட்டு

எந்தம்பி எங்கப்பங்கிட்ட வாங்குன அடியில பாதி ஏழாம் வாய்ப்பாட்டுக்கு வாங்குனது. கோழிப்பண்ணையில தண்ணி பாயற கருப்பு ஓஸ் இருக்குமில்ல, அதுல ஒரு மொழம் வெட்டி ஆணியில மாட்டி வெச்சிருப்பாரு எங்கப்பன். அவன் சோத்துத் தட்டு முன்னால உக்காருவான். கேள்வி கேக்கறது நான். அவனுக்கு நான் மூணு வருசம் மூத்தவ, எனக்கு வாய்ப்பாடு வரும். "ஏழெட்டு?"ன்னு கேட்டுட்டு ஒன்னு, ரெண்டு, மூணுன்னு எண்ணுவேன். மூணு சொல்லி முடிக்கறதுக்குள்ள பதில் வரலைன்னா ஓஸ் எறங்கும்.

நான் வேணுமுன்னே வேகமா எண்ணுன நாளு இருக்குது. அதைச் சொல்லாம மத்ததைச் சொன்னா நான் எழுதறதுக்கே அர்த்தமில்ல.

பதினாறு வயசுல அவன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில ஏறிப் போயிட்டான். தண்ணிக்குப் போர் போடற வேலை, வடக்க. ஊட்டுல இருக்கறதுக்கு அது தேவலைன்னு போனான். ரெண்டு வருசம் கழிச்சு, தூக்கிக் கட்டியிருந்த இரும்புப் பைப்பு கொக்கி கழண்டு அவன் நெஞ்சு மேல விழுந்துச்சு. ஆம்புலன்ஸ்ல ரெண்டு நாளு பயணம் பண்ணி வந்து சேந்தான். மூஞ்சி மட்டும் காட்டுனாங்க. நெஞ்சத் துணியப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாங்க. எங்கப்பன் அந்தத் துணியப் பிரிக்கச் சொல்லி ஆம்புலன்ஸ் டிரைவர் சட்டையப் புடிச்சு அடிச்சாரு. அன்னைக்குக் கூட அவருக்கு அடிக்கத்தான் தெரிஞ்சுது.

நான் ஒம்பதாவது பாதியில நின்னவ. மோகனூர் ரோட்டுல ஒரு பண்ணையில முட்டை பிரிக்கற ரூமுல வேலை. கீறல் வுட்டது, சின்னது, பெருசுன்னு பிரிச்சு அட்டையில அடுக்கோணும். ஒரு அட்டைக்கு முப்பது. ஒரு பக்கம் அஞ்சு குழி, இன்னொரு பக்கம் ஆறு குழி. தம்பி செத்துப் போன பொறவு மத்தியானத்துக்கு மேல என்னால அங்க நிக்க முடியல. கையில முட்டைய அழுத்தி அழுத்தி ஒடைச்சேன். மேஸ்திரி ரெண்டு தரம் பாத்துட்டு, காலையில மட்டும் வந்தாப் போதும்னுட்டாரு.

எங்கூரு தொடக்கப்பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் அதைக் கேள்விப்பட்டு கூப்புட்டு வுட்டாங்க. சாயங்காலத்துல புள்ளைங்களப் பாத்துக்க வந்த பொண்ணு கல்யாணம் கட்டிப் போயிருச்சாம். பதினாலு புள்ளைங்க. அம்மா அப்பனெல்லாம் பண்ணையிலயும் கரும்பு வெட்டுலயும் இருந்து வர வரைக்கும் பள்ளிக்கூட வராண்டாவுல வெச்சிருக்கோணும். எனக்கு என்ன டீச்சர் சொல்லித்தரத் தெரியும்னேன். "நீ ஒன்னும் சொல்லித்தர வேண்டாம், அம்மிணி. கணக்குல எதாச்சும் வெளையாட வெய்யி. பகலெல்லாம் நான் எழுத வெச்சே அதுங்க கை தேஞ்சு போச்சு"ன்னாங்க.

கணக்குல வெளையாட்டு. எனக்குத் தெரிஞ்சது அட்டை. பண்ணையில நனைஞ்சு போன அட்டைகளக் காய வெச்சு எடுத்துட்டு வந்தேன். மொத ஆட்டம் இப்படித்தான். ஆளுக்கொரு அட்டை. ஆறு வரைக்கும் புள்ளி போட்ட ரெண்டு தாயக்கட்டைய உருட்டு, மூணும் நாலும் விழுந்தா, மூணு நாலு எத்தனைன்னு சொல்லு. சொன்னா அத்தனை புளியங்கொட்டைய அட்டையில போட்டுக்கோ. நான் ஒன்னு ரெண்டு மூணு எண்ணுவேன். சொல்லலைன்னா சுத்தி இருக்கறவங்க எல்லாரும் தலையில ஆளுக்கொரு கொட்டு.

எனக்குத் தப்பாவே தெரியல. எங்கூருல எந்த ஆட்டத்துலயும் தோத்தவனுக்குக் கொட்டு உண்டு. புள்ளைங்களும் குதிச்சுச்சு. ரெண்டே நாள்ல கொட்டு வாங்கறது யாரு, குடுக்கறது யாருன்னு ஆளு பிரிஞ்சு போச்சு. வாய்ப்பாடு வர்ற நாலு பேரு பதில் சொல்லிட்டு மத்தவங்க தலையத் தேடுனாங்க. வராததுங்க பதில யோசிக்கவேயில்ல. கட்டை உருளும்போதே தலைமேல கைய வெச்சுக்கிச்சு. அஞ்சும் ஆறும் விழுந்தா அட்டை ஒரே முறையில ரொம்பிரும். ஆறாறு விழுந்தா அட்டையிலயே எடமில்ல. அதுக்கு ஒரு சண்டை. முப்பதுல ஆட்டத்த நிறுத்துனது நாந்தான். அட்டைன்னா முப்பதுதானேன்னு எம்புத்திக்கு அதுக்கு மேல ஓடல.

அதுல ஒரு புள்ளை நாலாவது படிச்சுது. எடது காது சரியாக் கேக்காது. அவங்கப்பன் லாரி ஓட்டறவன். பத்து நாளைக்கு ஒருக்கா ஊட்டுக்கு வருவான். வந்தா புள்ளைய நிக்க வெச்சு வாய்ப்பாடு கேப்பான். போன வருசம் ஒரு அறை வுட்டதுல காதுல ரத்தம் வந்துச்சு. ஆஸ்பத்திரியில சவ்வு கிழிஞ்சு போச்சுன்னாங்க. அவங்கம்மா எங்கூடத்தான் முட்டை பிரிப்பா. ஒரு நாளு அட்டை அடுக்கிக்கிட்டே சொன்னா: "இன்னொரு காதுலயும் வுட்டான்னா எம்புள்ளை ஊமையாட்டம் ஆயிருமுங்க்கா. நான் குறுக்க போனா எனக்கும் சேத்து வுழுது." சொல்லிட்டு கீறல் முட்டையத் தூக்கி வாளியில போட்டா.

அந்தப் புள்ளைக்கு நான் எண்ணுனது பாதி நேரம் கேக்காது. எல்லாரு கையும் அவ தலையில. மூணாம் நாளு, அஞ்சாவது படிக்கற பையன் ஒருத்தன் அந்தக் கேக்காத காதுக்கு மேல ஓங்கிக் கொட்டுனான். அவ திரும்பி அவன் மணிக்கட்டக் கடிச்சா. வுடவேயில்ல. அவன் கத்தறான், ரத்தம் அவ வாயோரமா ஒழுகுது, அவ கண்ணு மூடியிருக்குது. நான் என்ன பண்ணேன்னா, அவள அறைஞ்சேன். கன்னத்துல. எங்கையி காதுகிட்டப் போயிருச்சு.

அவ வாயத் தொறந்து கைய வுட்டுட்டு என்னப் பாத்தா. எந்தம்பி பாக்கற மாதிரி ஒரு பார்வை. அழுகை இல்ல. இதுவும் இப்படித்தானா அப்படீங்கற மாதிரி.

பெரிய டீச்சர் வந்து பையன் கையக் கழுவி வுட்டு, எல்லாரையும் அனுப்பிச்சுட்டு எங்கூட உக்காந்தாங்க. ஆட்டம் எப்படின்னு கேட்டாங்க. சொன்னேன். ஒரு அட்டையத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டாங்க. "இது ஆட்டமில்ல சாமி. பரீட்சையத் தூக்கி அட்டையில வெச்சிருக்கற. கேள்வி கேக்கறது நீ, சரி தப்புச் சொல்றது நீ, அடியும் இருக்குது. புளியங்கொட்டை மட்டுந்தான் புதுசு"ன்னாங்க. அப்பறம், நாளைக்கு வரமாட்டேன்னு மட்டும் சொல்லிராதன்னாங்க. அதைத்தான் சொல்ல இருந்தேன்.

வாரமெல்லாம் முட்டை பிரிக்கறப்ப அதே நெனப்பு. கேள்வியே இல்லாம எப்படிக் கணக்கு வரும். தப்புப் பண்ணா யாரும் சொல்லாமயே அதுக்கே எப்படித் தெரியும். அந்தப் புள்ளைங்களுக்கு எதையாச்சும் அடிச்சே ஆகோணும், அது எனக்கு நல்லாத் தெரியும், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. தலைய அடிக்காம எதைய அடிக்கறது. வாளியில கீறல் முட்டைய எறியறப்ப மேஸ்திரி கேட்டாரு, ஏன் சாமி ஒவ்வொன்னையும் அப்படி ஓங்கி எறியறன்னு.

ஏரியிலிருந்து களிமண்ணு எடுத்துட்டு வந்தோம். புள்ளைங்களும் நானும் உக்காந்து நெல்லிக்கா அளவுக்கு உருண்டை புடிச்சோம். ரெண்டு நாளு காய வெச்சோம். அப்பறம் அட்டை. நாலு அட்டைய மேல ரெண்டு கீழ ரெண்டா ஒட்டுனேன். உசரத்துக்குப் பத்து குழி, அகலத்துக்குப் பன்னண்டு. வலது பக்கத்து ரெண்டு அட்டையிலயும் கடைசி ரெண்டு நெட்டு வரிசைய பிளேடால அறுத்துட்டேன். பத்துக்குப் பத்து, நூறு குழி. அறுத்தெடுத்த துண்டப் பாத்தா ஒவ்வொன்னுலயும் பத்து குழி இருந்துச்சு. அதையும் வெச்சுக்கிட்டேன். ஒட்டுன எடத்துல அட்டை ரெண்டும் சேர்ற கோடு அசிங்கமா மேடு தட்டி இருந்துச்சு. பேப்பரு ஒட்டி மறைக்கோணும்னு நெனச்சேன், பசை தீந்து போச்சு.

தாயக்கட்டை ஆறுக்கு மேல போவாது. அடி வாங்கறதெல்லாம் ஏழுக்கும் எட்டுக்குந்தான. அதனால ரெண்டு தீவன டப்பாவுல ரெண்டுலருந்து ஒம்பது வரைக்கும் சீட்டு எழுதிப் போட்டேன்.

ஆட்டம் இப்ப இதுதான். ரெண்டு பேரு, ஆளுக்கொரு நூறு குழி அட்டை. ரெண்டு சீட்டு எடுக்கற, நாலும் ஆறும் வருது. உன் அட்டையில நாலு வரிசை, வரிசைக்கு ஆறு குழின்னு ஒரு கட்டம் புடிச்சு நூலுல சுத்திக் காட்டோணும். அப்பறம் எதிராளிகிட்ட உருண்டை வாங்கோணும். எத்தனை வேணும்னு ஒரே தடவையா கேட்டுரோணும். அவன் அந்தப் பத்து குழித் துண்டுல நெப்பி நெப்பி எண்ணித் தருவான். கொறையக் கேட்டா உன் கட்டத்துல ஓட்டை நிக்கும், அப்பறம் யாரும் ரொப்ப முடியாது. சாஸ்தி கேட்டா மிச்சம் வர்ற உருண்டையெல்லாம் எதிராளிக்கு. அவன் அதைத் துணி தொவைக்கற கட்டையால நொறுக்கலாம். கட்டத்துக்கு எடமில்லைன்னா முறை போச்சு. ரெண்டு பேருக்கும் எடமில்லாம போறப்ப, யாரு அட்டையில ஓட்டை கம்மியோ அவங்க கெலிச்சாங்க.

யாரும் எத்தனைன்னு கேக்கல. நான் வாயே தொறக்கல. மூணும் எண்ணல.

மொத நாளு வராண்டாவே போர்க்களம். வேணுமுன்னே நூறு நூறுன்னு கேட்டு எதிராளிய நொறுக்க வெச்சு வேடிக்கை பாத்தாங்க. கட்டை எறங்குனா உருண்டை தூளாப் போயி கண்ணுல அடிக்கும். "உம்மண்டைடா இது", "இது எங்கணக்கு சாரு மண்டை"ன்னு நொறுக்குனாங்க. பெரிய டீச்சர் சன்னல் வழியாப் பாத்துட்டு சன்னல சாத்திக்கிட்டாங்க. ரெண்டாம் நாளு உருண்டை தீந்து போச்சு, மறுபடி புடிக்கோணும், ரெண்டு நாளு காயோணும். அப்பத்தான் அவங்களுக்கே உருண்டை மேல கஞ்சத்தனம் வந்துச்சு. சரியாக் கேக்கோணும்னு ஆச்சு. வெரல வுட்டுக் குழிய ஒவ்வொன்னா எண்ணுனாங்க. அப்பறம் ஒரு வரிசைய எண்ணி மேல மேல கூட்டுனாங்க. எண்ணித் தர்றவனும் பத்துப் பத்தாத் தூக்கிக் குடுத்தான். ஒன்னாவது படிக்கறதுங்க துண்டு ரொப்பற வேலைக்கு அடிச்சுக்கிச்சு.

அந்தப் புள்ளை ஒரு வாரம் கிட்ட வரல. தூண்ல சாஞ்சு பாத்துட்டு இருந்தா. அப்பறம் ஒரு நாளு அவளாவே வந்து, கடி வாங்குன அந்தப் பையன் முன்னாலயே உக்காந்தா. சீட்டு எடுத்தா. ஏழு. எட்டு.

எந்தம்பி தட்டு முன்னால உக்காந்திருக்கறாப்புல இருந்துச்சு.

அவ நூலச் சுத்துனா. ஏழு வரிசை, வரிசைக்கு எட்டு. பாத்துக்கிட்டே இருந்தா. பையன் அவசரப்படுத்துனான். நான் அவனப் பாத்தேன், அடங்கிட்டான். அவ வெரலு அந்த மேடு தட்டுன கோட்டு மேல போச்சு. மேல் அட்டைக்கும் கீழ் அட்டைக்கும் நடுவால. கோட்டுக்கு மேல அஞ்சு வரிசை, கீழ ரெண்டு வரிசை. நான் மறைக்கப் பாத்த கோடு.

"ரெண்டு தடவையாக் கேக்கலாமா?"ன்னா. பையன் முடியாதுன்னான். ஒரே தடவையாத்தான் கேக்கோணும், அக்கா சொல்லியிருக்குதுன்னான். நான் கேட்டுக்கட்டும்னேன். "அப்ப மேலத்துக்கு நாப்பது குடு. கீழத்துக்குப் பதினாறு குடு"ன்னா. துண்டுல நாலு, அப்பறம் ஒன்னு, அப்பறம் ஆறு உருண்டை. கட்டம் ரொம்பிருச்சு. ஒன்னும் மிச்சமில்ல, ஒரு ஓட்டையுமில்ல. பையன் கட்டையத் தூக்கி வெச்சுக்கிட்டு நொறுக்க ஒன்னுமில்லாம உக்காந்திருந்தான். "ஏமாத்தற, செவுடி"ன்னான். "நீயே எண்ணிக்கோ, கடிபட்டவனே"ன்னா. எண்ணுனான். அம்பத்தாறு.

அன்னையிலிருந்து பெருசு வந்தா ஒடைச்சுக் கேக்கலாம்னு சட்டமே ஆயிப்போச்சு. எல்லாரும் ஒடைச்சாங்க. ஒம்பதெட்ட அஞ்செட்டு, நாலெட்டுன்னு. நான் ஊட்டுக்குப் போயி பாயில குப்புறப் படுத்து வாயில துணிய வெச்சு அழுதேன். இதை அவனுக்கு யாருமே காட்டலியே. ரெண்டா ஒடைச்சா வந்திருக்குமே. நானும் சேந்து அவனையே ஒடைச்சேன்.

அதுக்கப்பறம் ஒரு சனிக்கெழம. லாரி வந்திருச்சு. புள்ளை ஊட்டுல இல்லைன்னு அவங்கப்பன் பள்ளிக்கூடத்துக்கே வந்தான். அவ பாவாடையெல்லாம் களிமண்ணு. "படிக்க அனுப்புனா சேத்துல பொரண்டுட்டு இருக்கற"ன்னான். நான் எந்திரிச்சு, கணக்குத்தானுங்க மாமான்னேன். அப்படியான்னு கேட்டுட்டு அவ முன்னால குத்தவெச்சு உக்காந்தான்.

"ஏழெட்டு எத்தனை?"

அவ வெரலு அட்டைக்குப் போச்சு. கோட்டத் தொட்டா. வாயி முணுமுணுன்னு அசையுது. நான் பாத்துட்டேன், அவ மேலத்த முடிச்சுட்டா, கீழத்துக்குப் போறா. அவனுக்கு அது வெளையாட்டுன்னு பட்டுச்சு. அட்டைய எத்துனான். உருண்டை நாலா பக்கமும் ஓடுச்சு. கைய ஓங்குனான், கேக்கற காது பக்கம்.

நான் நடுவுல போயிட்டேன். எங்கன்னத்துல விழுந்துச்சு. வாயெல்லாம் உப்பு. எம்முடியப் புடிச்சு இழுத்து செவுத்துல மோதுனான். "எம்புள்ளைய அடிக்கறதுக்கு உங்கிட்டக் கேக்கோணுமா? தம்பியத் தின்னவதான நீயி"ன்னான். அதுக்கு மேல எனக்கு ஒன்னும் கேக்கல. கையில தொவைக்கற கட்டை இருந்துச்சு. அவன் வாயில போட்டேன். அவன் சாஞ்சதும் இன்னொன்னு தோளுல போட்டேன். அவனுக்குப் போட்டது மட்டும் இல்ல அது. எங்கப்பனுக்கும், எனக்கும் சேத்துப் போட்டது.

புள்ளைங்க கைக்குக் கெடச்ச உருண்டையெல்லாம் எடுத்து அவன் மேல எறிஞ்சாங்க. பதிமூணு பேரு. கடிபட்ட பையன்தான் மொதல்ல எறிஞ்சான். புள்ளையோட அப்பன் மூஞ்சிய மூடிக்கிட்டு, வாயில ரத்தத்தோட, வராண்டாவ வுட்டு எறங்கி ஓடுனான். அந்தப் புள்ளை மட்டும் எறியல. மண்டி போட்டு, பிரிஞ்சு போன ரெண்டு அட்டையையும் கோட்டோட கோடு சேத்து அழுத்திப் புடிச்சுட்டு இருந்தா.

ஊருல கூட்டம் போட்டுப் பேசுனாங்க. பொம்பளப் புள்ளை கட்டைய எடுக்கலாமாங்கறதுதான் ஊருப் பேச்சு. அவன் கை நீட்டுனத யாரும் பேசல. பெரிய டீச்சர் மட்டும், ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கிட்ட இருக்குது, அந்தக் காதப் பத்தியும் பேசலாமான்னு கேட்டாங்க. அதோட அடங்குச்சு. அவனுக்கு ஒதட்டுல நாலு தையலு. எங்கப்பன் கூட்டத்துல ஒரு ஓரமா நின்னாரு. ஊட்டுக்கு வந்து அந்த ஆணியில இருந்த ஓஸ எடுத்து எங்கியோ கொண்டு போயிப் போட்டுட்டாரு.

அடுத்த வாரம் அந்தப் புள்ளையோட அம்மா முட்டை பிரிக்கற எடத்துல சொன்னா. ஞாயித்துக்கெழமை அவன் மறுபடி கேட்டிருக்கறான். ஏழெட்டுன்னு. ஒதட்டுத் தையலு இழுக்கறதால சத்தம் போட முடியல, மெதுவாத்தான் கேட்டானாம். புள்ளை தரையில உக்காந்து ரெண்டு உள்ளங்கையையும் மேலயும் கீழயும் வெச்சுக்கிட்டா. நாப்பதுன்னா. அப்பறம் கொஞ்ச நேரம். பதினாறுன்னா. அப்பறமும் கொஞ்ச நேரம். அடுப்புல பாலு பொங்கி வழிஞ்சுது, நான் எந்திரிக்கவே இல்லீங்க்கான்னா. அம்பத்தாறுன்னு சொல்லுச்சாம். அவன் அதுவரைக்கும் கைய ஓங்கல.

"அத்தனை நேரம் காத்திருந்தானுங்க்கா"ன்னா. அதைத்தான் அவ திரும்பத் திரும்பச் சொன்னா.

அவன் காத்திருந்தது கணக்குக்கா, தையலுக்கான்னு எனக்குத் தெரியல. எங்கட்டைய நெனச்சிருந்தா அதுல எனக்குப் பெருமை இல்ல. அடுத்த தடவ லாரி வர்றப்ப தையலு ஆறியிருக்கும். நான் அவங்கம்மாகிட்ட ஒரு நூறு குழி அட்டையக் குடுத்து வுட்டேன், கோடு நல்லாத் தெரியற மாதிரி. அவன் கேக்கறப்ப அதை நடுவுல வெச்சுக்கச் சொன்னேன். அவனும் பாக்கட்டும்.

வராண்டாவுல இப்பவும் ஆட்டம் நடக்குது. போன வாரம் அந்தக் கடிபட்ட பையன் வந்து, ஆட்டம் சப்புன்னு இருக்குது, ஒரு புதுச் சட்டம் வெக்கலாமான்னான். மூணு எண்றதுக்குள்ள எத்தனை வேணும்னு கேட்டுரோணும், அப்பத்தான் சூடு புடிக்கும்னான். மத்ததுங்களும் ஆமா ஆமான்னுச்சு. ஆட்டத்துக்கு அது நல்லாத்தான் இருக்கும், எனக்கே தெரியுது.

அதை மட்டும் வெக்கமாட்டேன்னேன். ஏன்னு கேட்டாங்க. சும்மான்னுட்டு, உருண்டை புடிக்க மண்ணு பெசஞ்சேன். பையன் கொஞ்ச நேரம் மொணகிட்டு இருந்தான். அப்பறம் எல்லாரும் அந்தப் புள்ளையச் சுத்தி உக்காந்தாங்க. அவ ஒம்பதும் ஏழும் எடுத்திருந்தா. பாத்துக்கிட்டே இருந்தா. யாரும் எண்ணல.